அத்தை மகள், சித்தி மகள்

ஜூன் 9, திங்கள்
காலையிலேருந்து மழை. ஹட்டன் பூரா மூட்டம். துணி காயல.
மொழிபெயர்ப்புப் பரிசுக்கு வந்த நாவல் கெடைச்சிருச்சு. சிங்கள மூலம், தமிழ் மொழிபெயர்ப்பு ரெண்டும். நடுவர்ல சிங்களம் வாசிக்கத் தெரிஞ்சவ நான் மட்டும்.
மொதல்ல தமிழ் மட்டும். இடறுற எடத்துல பென்சில் கோடு. பாதி வரைக்கும் கோடே இல்ல. வழுக்கிட்டுப் போகுது. அதுவே சந்தேகம்.

ஜூன் 11
ரெண்டையும் பக்கத்துல வச்சு, வரி வரியா. அப்பன்-மகன் சண்டை. மூலத்துல அப்பன் "உம்ப"ங்கிற வீட்டு "நீ"ல ஆரம்பிச்சு "தோ"வுக்கு எறங்குறான். நாய வெரட்டுற சொல்லு. அதத் தாங்காமத்தான் மகன் வீட்ட விட்டுப் போறான். தமிழ்ல ரெண்டுமே "நீ". காரணமே இல்லாம போறான் பய.
அப்புறம் கல்யாணம். மூலத்துல மகன் கட்டுறது நெந்தா மகள. நெந்தான்னா அத்தை. மொறைப்பொண்ணு. தமிழ்ல "சித்தி மகள்". சித்தி மகள்னா தங்கச்சி!

ஜூன் 12
சிங்களம் வாசிச்சவன் இதுல தவறவே மாட்டான். அவங்க மொறையும் நம்ம மொறையும் ஒன்னு. ஆன்ட்டி, யூ - இங்கிலிஷ்லதான் எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. லைப்ரரில இங்கிலிஷ் பதிப்பு எடுத்துப் பாத்தேன். அதுல விட்ட பாரா தமிழ்லயும் இல்ல.
அட்டையில: "சிங்களத்திலிருந்து நேரடியாக". த்தூ.
அரிசி, பருப்பு வாங்கணும்.

ஜூன் 16
நுவரெலியாவுல கூட்டம். தலைமை நடுவர் பாலேந்திரன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், ரிட்டயர் அதிகாரி. எல்லாம் காட்டுனேன்.
"ஓம் டீச்சர், மொழிபெயர்த்தவர் இங்கிலீசில இருந்துதான் செய்தவர். நேரம் காணாதாம். வாசிக்க நல்லாத்தானே போகுது? ஆர் உதை ஒப்பிட்டுப் பாக்கப்போகினம்?"
தெரிஞ்சே! மத்த ரெண்டு பேரும் அதுக்கே பரிசுன்னுட்டாங்க. நான் கையெழுத்துப் போடல.
"சரி, பரிசெண்டு எழுத்தாளருக்கு நீங்களே சிங்களத்தில சொல்லிவிடுங்கோ"ன்னாரு சேர்.
டீ கூடக் குடிக்காம வந்துட்டேன்.

ஜூன் 18
எழுத்தாளர் தயாரத்னவுக்கு போன். ஊர் உடப்புசல்லாவை. பரிசுன்னதும் சந்தோசப்பட்டாரு. அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாரு.
"டீச்சர், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனங்களுக்கு நானே தமிழ்ப் புத்தகம் கொண்டுபோய்க் குடுத்தேன். எங்க அம்மா அப்பா கதைதான்னு சொன்னேன். அப்புறம் யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாங்க. ஏன்?"
சொன்னேன். நெந்தாவ புஞ்சி அம்மான்னு, அதான் சித்தின்னு, போட்டிருக்கு.
"புஞ்சி அம்மா மகளா? எங்க அம்மாவா?"
எந்தப் பக்கம்னு கேட்டு எழுதிக்கிட்டாரு.
"எனக்கு இதெல்லாம் தமிழ்ல சொல்ல வராது. அந்த வீடுகளுக்கு என்கூட வருவீங்களா?"
ஞாயித்துக்கெழம, மொத பஸ்.