ஆறாவது ஸ்லைடும் ஏழு மணி வண்டியும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. உன் இருமல் நின்றதா, நின்றுவிட்டது என்று நீ போனில் சொல்லும்போதே இரண்டு தடவை இருமினாய், அதனால் கேட்கிறேன். போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய். பயப்பட ஒன்றுமில்லை, உன் அப்பா மேடையேறி மைக் பிடித்துவிட்டான், அவ்வளவுதான்.

எங்கள் பணிமனையில் கால அட்டவணைப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். நாங்கள் நிமிஷக்காரர் என்று கூப்பிடுவோமே, அவர்தான். முப்பத்து நான்கு வருஷம் எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்ட மனிதர். பணியாளர் பிரிவு மேடம் அவருடைய பணிப்பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பதினொரு ஸ்லைடு தயாரித்திருந்தார். வேலைக்குச் சேர்ந்தது, பணி நிரந்தரம், துறைத் தேர்வு, முதல் பதவி உயர்வு, கம்ப்யூட்டரில் அட்டவணை வந்தது என்று ஸ்லைடுக்கு ஒரு வருஷம், ஒரு வரி, ஒரு போட்டோ. அதை வைத்துக்கொண்டு ஆறு நிமிஷம் பாராட்டிப் பேச வேண்டியது நான். ஏன் என்னை என்று கேட்டதற்கு, நீங்கதான் ஓயாம பேசறீங்க, அதை ஒரு தடவை மைக்ல பேசுங்க என்றார் மேடம். ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள், அதை எல்லோரும் பார்த்தே படித்துக்கொள்வார்கள், மூன்று ஸ்லைடை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் நடந்ததைச் சொல்லுங்கள் என்று வழியும் சொன்னார். நல்ல யோசனைதான். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே பென்சிலால் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தவன் ஆறாவது ஸ்லைடில் நின்றுவிட்டேன். அதில் இருந்தது ஒரே வரி: ரூட் 27, முதல் வண்டி 6.40 என்பது 7.00 ஆக மாற்றம்.

அந்த வருஷம் உனக்கு மூன்று வயது, நான் அந்த முதல் வண்டிக்கு டிரைவர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி, அவள் வீடு திரும்ப எட்டு மணியாகும். உன்னைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் நான் போக வேண்டும், காப்பகமோ ஆறரைக்குத்தான் கதவு திறக்கும். வண்டி 6.40க்கு என்றால் நான் 6.25க்கே கையெழுத்துப் போட்டு வண்டியைச் சோதித்திருக்க வேண்டும். எப்படிப் பறந்தாலும் பதினைந்து நிமிஷம் தாமதம், நீ வேறு ஷூவைக் கழற்றி எறிவாய். ஒரே மாதத்தில் மூன்று மெமோ வாங்கினேன், நான்காவது வந்தால் விசாரணை, அப்புறம் வேலையே சந்தேகம். அந்த நேரத்தில் பார்த்து அட்டவணை மாறியது. ஏழு மணி வண்டிக்கு 6.45க்குக் கையெழுத்துப் போட்டால் போதும். அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன், இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஸ்லைடுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்க்க மேடத்திடம் சொல்லி அந்தப் பழைய கோப்பை எடுக்கச் சொன்னேன். அதில் முதல் தாள் என்ன தெரியுமா, மூன்றாவது மெமோவுக்கு நான் எழுதிக்கொடுத்த விளக்கத்தின் நகல். வண்டி தாமதமாகக் கிளம்பினால் அந்த அறிக்கை அட்டவணைப் பிரிவுக்கும் போகும், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. காப்பகம் 6.30க்குத் திறக்கும் என்று நான் எழுதிய வரிக்குக் கீழே பென்சில் கோடு. அவர் கோடுதான், அவர் அடிக்கோடு போட்டால் ரூலர் வைத்தது போல இருக்கும். அந்த முதல் தாளோடு கோப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் போய் அம்மாவிடம் சொன்னேன், அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

அங்கேதான் சிக்கல். இதைச் சொல்லி நன்றி சொல்லாமல் அவரை அனுப்ப எனக்கு மனசு இல்லை, சொன்னாலோ ஒரு டிரைவரின் சௌகரியத்துக்காக ஊருக்கே போகிற வண்டியை மாற்றினார் என்று ஆகிவிடும். வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காத மனிதர் என்று பெயர் எடுத்தவருக்குக் கடைசி நாளில் நான் கரியைப் பூசுவதா? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மீதித் தாளையும் படிச்சுட்டுக் கவலைப்படுங்க என்றாள் உன் அம்மா. படித்தேன். பன்னிரண்டு காலை அவரே ரயில் நிலைய நிறுத்தத்தில் நின்று எண்ணியிருக்கிறார், ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்து. 6.40 வண்டியில் சராசரி நான்கு பேர். 6.52க்கு ரயில் வருகிறது, இறங்கி நம் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் முப்பத்தொரு பேர், அவர்கள் 7.20 வரை நிற்கிறார்கள். முதல் வண்டியைத் தள்ளினால் பின்னால் வரும் டிரிப்பெல்லாம் இடிக்கும் என்று ஏழு டூட்டித் தாளைத் திருத்தி எழுதியிருக்கிறார். அந்த எண்ணிக்கைத் தாளைப் படம் எடுத்து ஏழாவது ஸ்லைடாக நடுவில் சேர்க்கச் சொன்னேன். முதலில் கணக்கு, அப்புறம் என் கதை என்று பேச்சை மாற்றி எழுதி, கண்ணாடி முன்னால் ஒன்பது தடவை பேசிப் பார்த்தேன். உன் அம்மாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது கேள். மேடம் ஒத்திகை பார்த்தபோது ஒவ்வொரு ஸ்லைடையும் நகர்த்திய நேரமும் கம்ப்யூட்டரில் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது, அவருக்குத் தெரியாது. எட்டு நொடிக்கு ஒன்றாக அதுவே ஓட ஆரம்பித்துவிட்டது. நான் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே நின்றுகொண்டிருக்கிறேன், எனக்குப் பின்னால் திரையில் பதவி உயர்வு, விருது எல்லாம் வாங்கி நன்றி வணக்கமும் வந்துவிட்டது. கூட்டம் கைதட்டிவிட்டது! முன் வரிசையில் நிமிஷக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, லேட்டா போற வண்டியைக்கூட மன்னிச்சிடலாம், நேரத்துக்கு முன்னாடி கிளம்பற வண்டி நிறுத்தத்துல ஆளை விட்டுட்டுப் போயிடும், திரும்பக் கூப்பிடுங்க அதை என்றார் பாரு, சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அந்தச் சிரிப்பில் என் மேடைப் பயமும் போய்விட்டது. மேடம் தானாக நகர்வதை நிறுத்திவிட்டு ஆறாவது ஸ்லைடில் கொண்டுவந்து வைத்தார்.

பேசினேன், மகளே. முப்பத்தொரு பேரைச் சொன்னேன், கோடு கிழித்த தாளைக் காட்டினேன், அப்புறம் மூன்று மெமோவையும் ஷூவைக் கழற்றி எறிந்த குழந்தையையும் சொன்னேன். அந்தக் குழந்தை இன்று வெளியூரில் பாலம் கட்டுகிற இன்ஜினியர் என்றபோது எழுதி வைத்த கடைசி நான்கு வரி போயே போய்விட்டது. கும்பிட்டுவிட்டு நின்றேன். அவர் எழுந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது, கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மைக்கை வாங்கி, ஒரு திருத்தம் என்றார். அட்டவணையை உங்களுக்காக மாத்தலீங்க, எண்ணிக்கை சொன்னதால மாத்தினேன், ஆனா அந்த நிறுத்தத்துல போய் நின்னு எண்ணிப் பார்க்கணும்னு எனக்குத் தோணினது உங்க பொண்ணாலதான் என்றார். சொல்லிவிட்டு, பொண்ணு நல்லா இருக்காளா என்று அந்த மைக்கிலேயே கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அதனால் அந்தப் பதிலை நீயே சொல்லிவிடு. அவர் விலாசம் தனிச்சீட்டில் இருக்கிறது, உன் கையால் நாலு வரி எழுது, வேலை அதிகம் என்று தள்ளிப்போடாதே. இருமலுக்கு டாக்டரைப் பார். எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியாக முடியட்டும், நோய்நொடி அண்டாமல் நிறைந்த வாழ்வு வாழ எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு.

உன்னை நினைத்துப் பூரிக்கும்,
அப்பா