வரமாட்டானா, வரமாட்டானாம்

உக்குவளை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஸுஹைலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி அஸ்ராவும் உடம்புக்குச் சுகம், நீயும் அங்கே கட்டாரில் சுகமாய் இருக்க வேண்டும். வாப்பா எப்படி இருக்கிறார் என்பதைக் கீழே எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் வரிசையாகப் படி. உம்மா ஏன் இந்தக் காலத்தில் கடதாசி எழுதுகிறா என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்டு, அதற்குக் கண் காது மூக்கு வைத்து அனுப்புகிறார்கள், அந்த அனுபவம் நமக்குப் போதும். லீவில் வந்திருக்கிற உன் கூட்டாளி மர்சூக் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார், ஒட்டிய உறையாக அவர் கையில் கொடுக்கிறேன். இதில் உள்ளது முழுக்க என் எழுத்து.

மழை விடவே இல்லை, மிளகு காயாமல் பூத்துப் போய்க் கிடக்கிறது, அஸ்ரா பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தின் மேலேயே தூங்குகிறாள். நீ வெயிலில் நிற்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. வாப்பா விழுந்த அன்று உன் மூத்தவள் நுஸ்ரா ராத்தா போனில் உனக்கு வாப்பா உன்னைத் தேடுகிறார் என்று சொன்னாளாம், அதற்கு நீ, "வாப்பா சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாயாம். அதைச் சொல்லி அவள் அழுதாள். நான் அழவில்லை மகன். நீ கேட்டது நியாயமான கேள்வி. அதை நாங்கள் எல்லாரும் பெருநாளைக்கு முன்னாலேயே கேட்டிருந்தால் நமக்கு இந்த நிலைமை வந்திருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். பெருநாளைக்கு மூன்று கிழமைக்கு முன், வாப்பா முற்றத்தில் மிளகு கிளறிக்கொண்டு நின்றார். ராத்தாவின் மாப்பிள்ளை பவாஸ் வாசலில் பைக்கை நிறுத்தினான், இஞ்சினை அணைக்கவில்லை, தலையில் இருந்த ஹெல்மட்டையும் கழற்றவில்லை. வாப்பா அவனிடம் ஒரே ஒரு வசனம்தான் பேசினார். "பெருநாளைக்கு அவன் வரமாட்டானா?" என்றார். அது கேள்வி. கடைசி எழுத்தை இழுத்து மேலே தூக்கிக் கேட்ட கேள்வி, நான் குசினி ஜன்னலால் கேட்டேன். பவாஸின் காதில் அது "வரமாட்டானாம்" என்று விழுந்திருக்கிறது. இந்த "ம்" எங்கிருந்து வந்தது என்று பிறகு அவனைப் பிடித்துக் கேட்டேன். "மாமி, எனக்கு ம் கேட்டிச்சே" என்று சத்தியம் செய்கிறான். பைக்கும்தான் "ம்" என்றுகொண்டு நின்றது, மருமகனே, அதையும் மாமாவின் வாயில் வைத்தாயா என்று கேட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் வீட்டுக்குப் போய் ராத்தாவிடம், மச்சான் பெருநாளைக்கு வரமாட்டானாம், மாமா சொல்றாரு என்றிருக்கிறான். "ஆம்" போட்டுச் சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்? நீ வாப்பாவிடம் சொல்லி, வாப்பா அவனிடம் சொன்னார் என்றுதான் விளங்கும். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா, வருவியா தம்பி என்று. கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "நீ வரமாட்டியாமே, வாப்பா சொல்றாரு" என்றாள். நீ லீவு கேட்டு, பதில் வராமல் காத்திருந்தாய் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியும். வாப்பா தானாக முடிவு கட்டி ஊரெல்லாம் சொல்கிறார் என்று உனக்குக் கோபம் வந்தது. "அப்ப வாப்பாவே முடிவு பண்ணிட்டாரா, சரி, வரல்லன்னே வெச்சுக்கங்க" என்றாய். அந்த "வெச்சுக்கங்க" வழியிலேயே விழுந்துவிட்டது. தம்பி வரல்லையாம் உம்மா என்று மட்டும்தான் என்னிடம் வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாகூட வேலியால் எட்டிப் பார்த்து, மகன் வரல்லையாமே என்று சிங்களத்தில் கேட்டாள். அவர்களுக்கும் நம் "ஆம்" மாதிரி ஒரு "லு" இருக்கிறது. கடைசியில் போட்டுவிட்டால் போதும், சொன்னவர் மேல் பழி இல்லை, யாரோ சொன்னதைச் சொன்னோம் என்று கையைக் கழுவிக்கொள்ளலாம்.

இப்போது என் பங்கு. இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். ராத்தா சொன்னதை நான் அப்படியே வாப்பாவிடம் சொல்லியிருந்தாலாவது, ஏனாம் வரவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். எனக்கும் உன் மேல் ஆத்திரம். இரண்டு வருஷமாக முகத்தைக் காட்டாத பிள்ளை என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தில், "அவனுக்கு வர இஷ்டமில்லையாம்" என்று சொன்னேன். இஷ்டம் என்ற சொல்லை நீயும் சொல்லவில்லை, ராத்தாவும் சொல்லவில்லை, பவாஸும் சொல்லவில்லை. அது நான் போட்டது. என்னுடையதைப் போட்டுவிட்டு, உன் வாயிலிருந்து வந்த மாதிரி கடைசியில் ஒரு "ஆம்" வைத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், பாவம் இந்த இடத்தில்தான் மகன்.

வாப்பா உன் அறைக்கு அடிக்க வாங்கிய பெயின்ட் வாளியைக் கொண்டுபோய் மிளகுச் சாக்குக்குப் பின்னால் வைத்தார். பெருநாளன்று தொழுதுவிட்டு வந்து, சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் கேட்டேன், பீபி. கேட்டதுக்கு ஊரே பதில் சொல்லிருச்சு, அவன் மட்டும் சொல்லல்ல." அப்போதுதான் எனக்கு நெஞ்சில் இடி விழுந்தது. ஒவ்வொருத்தராகப் பிடித்து, யார் என்ன சொன்னது, எந்தச் சொல்லால் சொன்னது என்று கேட்டு முடிக்க எனக்கு நாலு நாள் போனது. நாலாம் நாள் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ செய்யப் போன இடத்தில் வாப்பா விழுந்துவிட்டார். நான் கண்டுபிடித்ததை அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபிறகுதான் சொன்னேன். வலது கை எழும்பவில்லை. பேச்சுப் போய்விட்டது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவருக்காகப் பேசுகிறார்கள். ராத்தா சொல்கிறாள், வாப்பா மன்னித்துவிட்டாராம். பவாஸ் சொல்கிறான், மாமாவுக்கு யார் மேலும் கோபம் இல்லையாம். அவர் கையை அசைத்தால் ஒருவர் தண்ணீர் கேட்கிறார் என்கிறார், ஒருவர் போகச் சொல்கிறார் என்கிறார். இல்லை, நான் அதைச் சொல்லவில்லை என்று மறுக்க அவருக்கு வாய் இல்லை. உன் வாப்பா முத்தலிப் ஹாஜியாரின் பேச்சை எடுத்துச் சொல்ல மாத்தளையில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நேற்றுக் காலையில் அவருக்குக் கஞ்சி பருக்கிவிட்டு, மகனுக்குக் கடிதம் எழுதுகிறேன், என்ன எழுத என்று கேட்டேன். நெடுநேரம் வாயைக் கோணிக்கோணிப் பார்த்தார், எச்சில் வழிந்தது, துடைத்தேன். பிறகு "வா" என்றார். அவ்வளவுதான் வந்தது. உன்னை வா என்றாரா, வாப்பா சொன்னேன் என்று எழுது என்று தொடங்கி முடியாமல் போனதா, வாயைத் துடை என்றாரா, எனக்குத் தெரியாது. மகனை வரச் சொன்னாரென்று எழுதிவிட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. எழுதமாட்டேன். காதில் கேட்டது "வா". இதற்கு மேல் ஒரு எழுத்து நான் சேர்க்கவில்லை.

அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காலையும் காப்பாற்றி, ஹலாலான உழைப்பில் பரகத் செய்வானாக. தொழுகையை விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, இதற்குப் பதிலை ராத்தாவிடமோ பவாஸிடமோ என்னிடமோகூடச் சொல்லி அனுப்பாதே. சொல்ல இருப்பதை வாப்பாவிடம் நீயே சொல். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் உம்மா
பீபி