நடுவே நிறம் மாறும் வசனம்

இன்று மாலை வகுப்புக்காகச் சிவப்புப் பென்சிலைச் சீவினேன். அந்த மரத்தூள் மணம் எழுந்ததும் நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். யன்னலுக்கு வெளியே வாவிதான் கிடந்தது.

நாவற்குடாவில் இந்த வேதாகம வகுப்பை நாம் இருவரும் சேர்ந்து தொடங்கினோம். வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்கள் எப்படி உருவாயின என்ற பாடம் எப்போதும் உனக்குத்தான். யாவே மரபு, எலோகிம் மரபு, உபாகம மரபு, ஆசாரிய மரபு என்று நான்கு மூலங்களையும் கரும்பலகையில் நான் எழுதினால், "பேரச் சொன்னா நித்திரைதான் வரும். பென்சிலக் குடு கா" என்பாய். நோவா கால வெள்ளத்தின் கதையைப் பிரதியெடுத்துக் கொடுத்து, 'கர்த்தர்' வருமிடத்தில் சிவப்பும் 'தேவன்' வருமிடத்தில் நீலமும் பூசச் சொல்வாய். அது தொடக்கம்தான், பெயரோடு வேறென்ன சேர்ந்து மாறுகிறது என்று தேடவிடுவாய்.

பூசப் பூச வகுப்பில் இருப்பவர்களுடைய முகங்கள் மாறும். நீலத்தில் எல்லா மிருகமும் ஒவ்வொரு சோடி. சிவப்பில் சுத்தமானவை ஏழு சோடி. நீலத்தில் ஆழத்தின் ஊற்றுகள் பிளந்து, நூற்றைம்பது நாள் தண்ணீர். சிவப்பில் நாற்பது நாள் மழை. பிரித்து வாசித்தால் இரண்டும் கிட்டத்தட்ட முழுக் கதைகள். ஏன் ஏழு சோடி என்று கேட்டால், "கடைசியில நோவா பலி குடுக்கிறது சிவப்புக் கதையில. நீலத்தில பலியே இல்ல. நீலத்த எழுதின ஆசாரியர்களுக்கு ஆரோனுக்கு முந்திப் பலியில்லையே. ஒத்தச் சோடிய வைச்சுக்கொண்டு பலி குடுத்தா அந்த இனம் என்னாகிற?" என்று சிரிப்பாய்.

ஒருமுறை ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப மோசே எழுதல்லயா டீச்சர்? எல்லாம் பொய்யா?"

"பொய்யெண்டு ஆரு சொன்ன? ரெண்டு சனம் உயிரா வைச்சிருந்த கதை. ரெண்டையும் ஒண்டாச் சேர்த்தவருக்கு எதையும் விட மனமில்ல. இது கருதுகோள்தான், சுவிசேஷமில்ல. அறிஞர்களே இன்னும் சண்டை பிடிக்கிறாங்க. ஆனா சேர்த்த தையல் தெரியுதா இல்லயா, நீங்களே பாருங்க," என்றாய் நீ.

பிறகு உனக்கு நோய் வந்தது. உன் கடைசிக் காலையில் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது வார்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே உன் அம்மாவும் உன் கணவரும் மட்டும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரை நான் எழுத வேண்டும் என்றார்கள். உன் கடைசிக் காலையைப் பற்றிக் கேட்கப் போனேன்.

"என்ட புள்ள ஜெபம் சொல்லிப்போட்டு அமைதியாத்தான் கண்ண மூடின," என்றா அம்மா.

"அமைதியா? கோபத்தோடதான் போன. இன்னும் வகுப்பு முடியல்லயெண்டு என்ட கைய உதறின," என்றார் உன் கணவர்.

மற்றவருடையதை அச்சில் போட்டால் வரமாட்டோம் என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். நீ போன பிறகு வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த இரண்டு பேர்தான். பிரிந்துவிடுவார்களோ என்று பயந்துபோனேன். முதலில் கோபப்பட்டாய், பிறகு அமைதியாகி ஜெபித்தாய் என்று வழவழவென்று ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அம்மா தாளைத் தள்ளிவிட்டா. "இது ஆரு? என்ட புள்ள இல்ல." உன் கணவரும் இது அவளில்லை என்றார்.

அந்த வாரம் வகுப்பில் உன் பாடத்தை நானே நடத்தினேன். அதே ஆசிரியை ஏழாம் அதிகாரத்தில் ஒரு வசனத்தில் நின்றுவிட்டாள். தேவன் கட்டளையிட்டபடி மிருகங்கள் நுழைகின்றன. அதே வசனத்தில் கர்த்தர் கதவை அடைக்கிறார்.

"பாதி நீலம், பாதி சிவப்பு டீச்சர். சேர்த்தவர் இதை மறைக்கவே இல்லையே."

அந்த வசனத்தை நான் மறுபடி வாசித்தேன். கட்டளையிடும் தேவனையும் தன் கையால் கதவைச் சாத்தும் கர்த்தரையும் சேர்த்தவர் ஒருவராகத் தேய்க்கவில்லை. வீட்டுக்கு வந்து என் தாளைக் கிழித்துவிட்டு, அம்மா சொன்னதை அம்மாவின் சொல்லிலும் உன் கணவர் சொன்னதை அவர் சொல்லிலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதினேன். எதையும் சமாதானப்படுத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் இருவரும் வந்தார்கள். தனித்தனிக் கதிரையில், முகம் கொடுக்காமல். அம்மா தன் பந்தியை வாசித்தா. பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்ததையும் வாசித்தா.

"கைய உதறினாளா, மகன்?"

"ஓம் மாமி."

"சின்னதிலயும் அப்பிடித்தான். காய்ச்சலெண்டு மறிச்சா, என்ட கைய உதறிப்போட்டுப் பள்ளிக்கு ஓடுவா."

அவர் எழுந்து போய் அம்மாவின் பக்கத்துக் கதிரையில் இருந்து விம்மி அழுதார்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். சேர்த்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது, அவருக்கென்று ஒரு கதையும் மிஞ்சவில்லை என்பாயே, அது இப்போது நான்தான். அவர்கள் இருவரிடமும் உன் கடைசிக் காலை இருக்கிறது. என்னிடம் இருப்பது சாத்திய கதவு மட்டும்.

இன்றும் அந்த வசனத்துக்கு வந்ததும் சிவப்பை எடுத்தேன். கர்த்தர் கதவை அடைத்தார் என்ற இடத்தை என்னால் பூச முடியவில்லை. பென்சிலை அந்த ஆசிரியையிடம் கொடுத்தேன். அவள் பூசி முடிக்கும்வரை வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.