கன்னம் உப்பிய ஹாம்ஸ்டர்

மார்ச் 2, ஞாயிறு

சுஜீவா, உன்னை விடமாட்டன்.

நேற்றுக் கலியாண மண்டபத்தில் நான் வடை சாப்பிட்டதைப் படமெடுத்து, ஸ்ரிக்கராக்கி, எங்கள் சுவிஸ் ஓல்டன் ஊர்த் தமிழ்ப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். இரண்டு கன்னமும் உப்பி, கண் பிதுங்கி நான். கீழே, "விட்டால் மண்டபத்தையும் திண்டிடுவா." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பு. விடியவே முதியோர் இல்லக் குசினிக்குச் சமைக்கப் போய், வேலை முடிந்த கையோடு வெறும் வயிற்றோடு மண்டபத்துக்கு ஓடினவள் நான். அது அவளுக்குத் தெரியும். நானே சொன்னேன்.

மார்ச் 5

மகள் தர்மிகா சொல்கிறாள், "அழிக்கச் சொல்லிக் கேட்டுப் பிரயோசனம் இல்லை அம்மா. சேமிச்ச ஆக்களின்ர போனில அது கிடக்கும்."

அப்ப சாகுமட்டும் நான் அந்த மூஞ்சியோ?

மார்ச் 8

ஆயுதம் கிடைத்துவிட்டது! பேர்ண் ரயிலில் சுஜீவா வாயைப் பிளந்து தூங்கும் படம், போன வருஷம் எடுத்தது. "கடைசித் தரிப்பு வந்திட்டுது, எழும்பு" என்று எழுதி ஸ்ரிக்கராக்கினேன். அனுப்பவில்லை. பாவம் பார்த்து இல்லை. அனுப்பினால் இரண்டு மூஞ்சியும் சோடியாகச் சுற்றும். என்னுடையதும் சேர்ந்தல்லவா நெடுநாள் வாழும்?

மார்ச் 10

வேலை முடிந்து வரும் ரயிலில் வழமைபோல மிருக மீம்கள். ஒரு வாத்து: "உன்னைப் பற்றி ஒரு உண்மை சொல்லட்டோ?" அடுத்த கட்டத்தில், "நீ இண்டைக்கு வடிவா வேலை செய்தாய்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கக்கேடு.

ஏன் இது மட்டும் என்னைத் தொடுகிறது? மற்ற மீமில் சிரிக்க ஒரு ஆள் விழவேண்டும். இதில் ஒருவரும் விழுவதில்லை. முதல் வரி அடி விழப்போகிறது என்று பயம் காட்டும், இரண்டாம் வரி தடவிவிடும். சிரிப்பு அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. மனிசர் புகழ்ந்தால் "என்ன கேக்கப்போறா?" என்று யோசிப்பேன். வாத்து என்னிடம் என்ன கேட்கும்? காலையில் வரும் ரோசாப்பூப் படங்கள் மாதிரி இது புத்தி சொல்வதும் இல்லை. தண்ணீர் குடித்தாயோ என்று மட்டும் கேட்கும். படம் மங்கல், எழுத்து கோணல். பளபளப்பாக இருந்தால் கடை விளம்பரம் என்று நினைத்துவிடுவோம்.

அட, வழி இதுதானே!

மார்ச் 11

செய்தேன். சுஜீவா எடுத்த அதே படம். பக்கத்தில், கன்னம் இரண்டிலும் தீனி அடைத்த ஒரு ஹாம்ஸ்டர், இங்கே பிள்ளைகள் வளர்க்கிற அந்தக் குண்டு எலி. இரண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. அவள் எழுதினதை வெட்டி எறிந்துவிட்டுக் கோணல் எழுத்தில்: "நான் சாப்பிட்டிட்டன். நீங்கள் சாப்பிட்டியளோ?"

குழுவில் போட்டும் விட்டேன். இது இரக்கம் இல்லை சுஜீவா. உன் ஸ்ரிக்கரைக் கொல்லுறன்.

மார்ச் 16

செத்தது! இரவு வேலைக்காரருக்கு, காய்ச்சல்காரருக்கு, சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும் என் ஹாம்ஸ்டர்தான் போகிறது. பழையதை ஒருத்தி அனுப்ப, மூன்று பேர் "ஐயோ, மற்றதைப் போடுங்கோ" என்றார்கள். இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன், அவ்வளவு சந்தோசம்.

ஏப்ரல் 3

சுஜீவாவின் கணவர் ஜெகதீஸ்வரன் அண்ணைக்கு மாரடைப்பு. பேர்ண் ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளியவில்லை. குழு முழுக்க அவளுக்கு ஹாம்ஸ்டர். மேலிருந்து கீழ்வரை என் மூஞ்சி.

நல்லா வேணும். இப்ப பார், என்ர மூஞ்சியைப் பார்.

(அண்ணை பாவம். அவரை நான் சொல்லவில்லை.)

ஏப்ரல் 4

நான் ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டன்.

ஏப்ரல் 5

மத்தியானம் எனக்குத் தனியாக ஒரு செய்தி. சுஜீவா. முதலில் என் ஸ்ரிக்கரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். நக்கல் என்று நினைத்துக் கொதித்துப்போனேன். அதற்குக் கீழே ஒரு வரி.

"இல்லை பிரபா. ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை."

கேள்வி கேட்டது என் மூஞ்சி அல்லவா. அதுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், விசரி. இனி நான் என்ன செய்ய? இந்த வாத்து, ஹாம்ஸ்டர் எல்லாம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அதுகளுக்குக் குசினி இல்லை.

உளுந்து ஊறப்போட்டேன். மன்னிக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணை காலையில் கண் திறந்தாராம்.

ஆஸ்பத்திரி வாசல் வாங்கில் சுஜீவாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வடைப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றை விழுங்க முதல் மற்றதையும் வாயில் வைத்தாள். இரண்டு கன்னமும் உப்பி, கண் பிதுங்கி, அழுகை வேறு. அசல் ஹாம்ஸ்டர்.

போன் என் கையில்தான் இருந்தது. பைக்குள் வைத்துவிட்டு, "ஆறுதலாச் சாப்பிடும், இன்னும் கிடக்கு" என்றேன்.