பதிவு செய்யாத ஒப்பந்தம்

நவம்பர் 14, அதிகாலை மூன்றரை மணி

விடிந்தால் சொத்துச் சட்டத் தேர்வு. அறைத்தோழி ரேவதிக்கு நான்தான் பாடம் சொன்னேன். எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்து, இடத்தில் குடியேறியவரை விற்றவர் வெளியேற்ற முடியாது. ஆனால் 2001க்குப் பின் போட்ட ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும்.

"உதாரணத்துக்கு நாங்க குடியிருக்குற வெள்ளானூர் ஊடே கீதுடி," என்று சிரித்தாள். "ஆறு வருஷம் முன்னாடி அப்பா முழுப் பணமும் குடுத்துட்டாரு. பதினோரு மாசத்துல கிரையம் பண்ணித் தரேன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கீது. இப்ப வித்தவரு காலி பண்ணுன்றாரு."

"அந்த ஒப்பந்தத்தப் பதிவு பண்ணீங்களா?"

"செலவுன்னு உட்டுட்டாரு. கரண்டு பில்லு அப்பா பேர்லதான வருது?"

அது போதாது. கிரையம் செய்து தரச்சொல்லி வழக்குப் போடலாம், பதிவாகாத தாளையும் அதில் சாட்சியமாகக் காட்டலாம் என்று வாசித்துக்கொண்டே வேகமாகப் பக்கம் புரட்டினேன். அதற்கும் கிரையத்துக்குக் குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. அது முடிந்தே இரண்டு வருடமாகிறது. வாசிப்பதை நிறுத்தினேன். மீதியை அவளே எட்டிப் பார்த்துப் படித்தாள்.

புத்தகத்தை மூடி வைத்து, "இந்தக் கேள்வி வந்தா, வாங்கினவருக்கு உரிமை இல்லன்னுதான் எழுதணுமாடி?" என்றாள்.

"ஆமா."

இப்போது விடையை எழுதிப் பார்க்கிறாள். 'வாங்கியவர்' என்று வரவேண்டிய இடத்தில் 'அப்பா' என்று எழுதி அடிக்கிறாள். மறுபடியும் அப்படியே எழுதுகிறாள்.