டாஃபிங்குக்கு நிற்காத மில்

அக்டோபர் 14

வேறு யாருக்கும் கேட்காத சத்தம், பொய் சொல்லத் தெரியாத ஒருவருக்குக் கேட்டால் அது இருக்கிறதா, இல்லையா? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒலியியல் நடத்துகிறேன். பதில் தெரியவில்லை.

காலையில் டூட்டி முடித்து வந்த இவர், செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "டீச்சர், மில்லு ஓடுது."

கல்யாணமான நாளிலிருந்து நான் இவருக்கு டீச்சர்தான்.

கும்மிடிப்பூண்டியில் அந்த நூற்பாலையை மூடி வருஷக்கணக்காகிறது. கரண்ட் இல்லை. ஃபிட்டராக இருந்த மில்லுக்கே இப்போது ராத்திரி வாட்ச்மேன். "கனவு கண்டிருப்பீங்க" என்றேன்.

"முழிச்சிக்கினுதான் இருந்தேன். நூல் நூக்கற ரிங் ஃப்ரேமு சத்தம். எனக்குத் தெரியாதா?"

அக்டோபர் 17

டார்ச்சோடு ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தாராம். மெஷினில் நூல் சுற்றும் கதிர்களில் தூசி அப்படியே இருக்கிறதாம்.

"ஒண்ணு மட்டும் பேஜாரா இருக்குது. உள்ள போனா காதப் பொளக்கணுமில்ல? வெளிய கேட்ட அளவுதான் உள்ளயும். டாஃபிங்குக்குக்கூட நிக்கல."

பாபினில் நூல் நிறைந்ததும் மெஷினை நிறுத்தி, அதைக் கழற்றி, வெறும் பாபின் மாட்ட வேண்டும். அதுதான் டாஃபிங். அதற்கு நிற்காமல் ஓடும் ரிங் ஃப்ரேம் உலகத்தில் கிடையாது.

எங்கே போனாலும் அதே அளவு. அப்படியென்றால் சத்தம் இவரோடு கூடவே போகிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. சிரித்த முகமாக இருந்தார்.

அக்டோபர் 22

செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆதிகேசவன் போன் செய்தார். "ராத்திரி ஹாரன் அடிச்சிக்கினே நிக்கிறேன் டீச்சரம்மா, அண்ணன் சேர்ல உக்காந்தபடியே தூங்குறாரு. இது ரெண்டாவது வாட்டி. இன்னொரு தபா ஆச்சின்னா ஆள மாத்திடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

கோபம் வந்தது. வாட்ச்மேன் தூங்கலாமா? இவரிடம் கேட்டேவிட்டேன்.

"மெஷினு ஓடுனா எல்லாம் சரியா இருக்குதுன்னு அர்த்தம் டீச்சர். நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்."

மில்லில் இருந்த காலமெல்லாம் அப்படித்தானே பழகினார்? நிசப்தம் என்றால்தான் அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கும்.

அப்புறம் மெதுவாக, "அந்த மில்லு கேட்ட உட்டா நான் எங்க போவேன்?" என்றார்.

அக்டோபர் 23

சத்தம் கேட்கும்போது இரண்டு காதையும் விரலால் அடைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வெளிச் சத்தமானால் குறையும், காதுக்குள்ளேயே எழுவதானால் குறையாது.

"அதிகமாச்சி" என்றார். முகம் விழுந்துவிட்டது. நான் சரியாகத்தான் சொன்னேன். எதற்கு எனக்கு அழுகை வந்தது?

அக்டோபர் 26

திருவள்ளூரில் காது டெஸ்ட். கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பாதி நேரம் விரல் அசையவே இல்லை. நான் வெளியே நின்று பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு காதிலும் ஒரே பள்ளம். இரைச்சலில் உழைத்த காதின் அடையாளம். உள்காதின் நுண்மயிர் செல்கள் அங்கே செத்துவிட்டன, திரும்ப முளைக்காது. வராத ஒலியைத் தேடி மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது வருவதுதான் இந்த இரைச்சல். வீட்டில் ஃபேனும் டிவியும் அதை மூடிவிடுகின்றன. மில்லில் மூட எதுவும் இல்லை. ஹாரன் சன்னமாக எட்டுகிறது. அதை இரைச்சல் விழுங்கிவிடுகிறது.

காது மெஷின் வைத்தால் சுற்றியுள்ள சத்தம் உள்ளே போகும், இரைச்சல் அமுங்கும் என்றார் டெஸ்ட் எடுத்த பெண்.

"அப்ப மில்லு நின்னுடுமா?" என்று அவளிடம் கேட்டார். அவளுக்குப் புரியவில்லை.

நவம்பர் 3

காது மெஷினுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் 9

அவராகவே வந்து, "வா போலாம்" என்றார். ஆதிகேசவன் வேறொரு ஆளைக் கூட்டிவந்து கேட்டைக் காட்டினாராம்.

காது மெஷினை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "இன்னா டீச்சர், பிளாஸ்டிக் கவரு இவ்ளோ கத்துது!" டூட்டிக்குப் போயிருக்கிறார். எனக்குத் தூக்கம் வரும்போலில்லை.

நவம்பர் 10

இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மழையில் நனைந்து வந்தார். ராத்திரி ஆதிகேசவன் வந்தாராம். ஜீப் திரும்பும் சத்தத்திலேயே எழுந்து, ஹாரன் அடிப்பதற்குள் கேட்டைத் திறந்துவிட்டாராம். "என் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தான். அந்தப் புது ஆளுக்கு அப்பவே போன போட்டு, வேணாம்னுட்டான்."

"மில்லு?"

"அடங்கிப்போச்சி. தவளைதான் கத்துது." கொஞ்ச நேரம் தலை துவட்டினார். "காலைல கிளம்பறதுக்கு முன்னாடி காது மெஷினக் கழட்டி வெச்சிட்டு ஒக்காந்தேன். மில்லு ஓடிச்சி. ஷிப்ட்ட முடிச்சி உட்டுட்டு வந்தேன்."

நான் சமையலறைக்குப் போனேன். கூடமெல்லாம் சேறு. வழக்கம்போல எனக்குள்ளேயே முணுமுணுத்தேன்: "கிழவருக்குக் கால் கழுவ இன்னும் தெரியலை."

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"யாரு டீச்சர் கெழவன்?"

கரண்டியோடு கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

"இத்தினி வருசமா இதையேதான் சொல்லிக்கினு இருந்தியா?"