சத்தமில்லாமல் சொன்னது

புதுச்சேரி
3-3-1959

மாணவர் பக்கம் ஜெயம் அக்காவுக்கு, தனக்கொடி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் பத்திரிகையைப் பள்ளிக்கூடத்தில் படிப்பேன். இந்தக் கடிதத்தை மட்டும் அச்சில் போட்டுவிடாதீர்கள். பதிலுக்குத் தபால்தலை வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது, மூடினால் அதைவிட மோசம். சோறு இறங்கவில்லை. மாதிரிப் பரீட்சையில் கணக்குத் தாளைப் பார்த்ததும் தெரிந்ததெல்லாம் போய்விட்டது. சின்ன வகுப்பில் பிரெஞ்சில் எண்ணப் பழகியவள் நான், இன்றைக்கும் மனசுக்குள் அப்படித்தான் கூட்டுவேன். அன்று எந்தப் பாஷையிலும் எண் வரவில்லை.

எங்கள் தெருவில் இவ்வளவு தூரம் படிக்க வந்த பெண்கள் இரண்டே பேர், நானும், வேறு பள்ளிக்கூடத்தில் படிக்கும் அடுத்த வீட்டுக் கன்னியம்மாளும். அவள் வாசலில் உட்கார்ந்து தெருவே கேட்கிற மாதிரி படிக்கிறாள். துளி பயம் கிடையாது. எனக்குத்தான் ஏதோ கோளாறு. பரீட்சைக்கு முன்னால் நான் இல்லாமல் போய்விட்டால் தேவலை.

இப்படிக்கு,
பா. தனக்கொடி

சென்னை
6-3-1959

அன்புத் தங்கை தனக்கொடிக்கு,

சுற்றி வளைக்காமல் ஒன்று கேட்கிறேன். ‘இல்லாமல் போய்விட்டால்’ என்றாயே, உயிரை விடும் நினைப்பா? அப்படியானால் இதை மடித்து வைத்துவிட்டு இந்த நிமிஷமே பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல். தனியாக இருக்காதே. அப்படி இல்லையென்றால், கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

உனக்குக் கோளாறு ஒன்றுமில்லை. என் மேஜையில் இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி உன்னுடையது போலத்தான் இருக்கிறது. பயந்த உடம்பு நெஞ்சை அடித்துக்கொள்ள வைக்கும், பசியை மூடும், படித்ததைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும். மறைந்தது அழிந்து போகவில்லை. தாள் கைக்கு வந்ததும் மூச்சை மெல்ல விட்டு, தெரிந்த கணக்கை முதலில் போடு. தூக்கத்தை விற்றுப் படிப்பை வாங்காதே.

ஆனால் என் முகத்தை நீ பார்த்ததில்லை, உன் முகத்தை நான் பார்த்ததில்லை. தபால் வந்து சேர்வதற்குள் உனக்கு எத்தனையோ நினைப்பு வந்து போகும். நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே வேண்டும். திட்டாமல் கேட்பவர் யார்? ‘எனக்குப் பயமா இருக்கு, யோசனை சொல்ல வேண்டாம், கேட்டா போதும்’ என்று ஆரம்பி.

அன்புடன்,
ஜெயம்

புதுச்சேரி
10-3-1959

ஜெயம் அக்காவுக்கு,

உயிரை விடும் நினைப்பு இல்லை அக்கா. தவளக்குப்பத்துப் பெரியம்மா வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நீங்கள் சொன்னபடி எங்கள் டீச்சரிடம் சொன்னேன். “நல்லா படிக்கிறவளுக்கு என்னாடி பயம்?” என்று சிரித்தார். வகுப்பே சேர்ந்து சிரித்தது. அம்மாவிடம் சொன்னால் என்னைவிட அதிகமாக அழுவாள். பிறகு நான்தான் அவளைத் தேற்ற வேண்டும்.

கேட்கக்கூடியவர் அப்பா ஒருவர்தான். ஆனால் மில்லில் தறி ஓட்டி ஓட்டி அவருக்குக் காது போய்விட்டது. சோறு போடட்டுமா என்று கேட்டாலே தெருமுனையில் இருப்பவர்கள் சாப்பிட வந்துவிடுவார்கள். என் பயத்தை நான் கத்திச் சொல்ல வேண்டுமா? கன்னியம்மாளுக்குக் கேட்டுவிட்டால் பிறகு நான் எப்படித் தலை காட்டுவது? ஊருக்கு உபதேசம் சுலபம் அக்கா.

தனக்கொடி

சென்னை
13-3-1959

அன்புத் தங்கைக்கு,

கோபித்துக்கொள், தாராளமாக. டீச்சர் சிரித்தது தவறு. நீ சொன்னது தவறில்லை. ஒருவர் காதில் வாங்காவிட்டால் இன்னொருவரிடம் போகத்தான் வேண்டும். பெரியம்மா நல்லவர் என்றால் அங்கே ஓடாதே, வீட்டில் சொல்லிவிட்டுப் போய் அவரிடம் பேசு.

மில்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கேட்கிறேன்: அத்தனை தறியும் ஓடும்போது உன் அப்பா பக்கத்துத் தறிக்காரரிடம் எப்படிப் பேசுவார்?

ஜெயம்

புதுச்சேரி
18-3-1959

அன்புள்ள ஜெயம் அக்காவுக்கு,

வாயசைவில்தான் பேசுவார்களாம். அம்மா சொன்னாள். இத்தனை வருஷம் நாங்கள் ஏன் கத்திக்கொண்டிருந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பா மில் விட்டு வந்து பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எதிரே நின்று, குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தையும் தவறவிடவில்லை அக்கா, அத்தனையும் புரிந்துகொண்டார். மனசுப் பாரம் பாதி இறங்கியது.

அப்புறம் பதில் சொன்னார். அங்கேதான் மோசம் போனேன். அவர் குரல் அவருக்கே கேட்காதே, கத்தித்தான் பேசுவார்.

“பயமா இருக்குதா? இருக்கும் புள்ள. மொதமொதல்ல தறிகிட்ட நின்னப்ப எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சி. ரெண்டு நாளு வேலைக்கே போவல. பெயிலானா உன்ன வூட்ட வுட்டுத் தொரத்திடுவனா? ராவுல நான் பக்கத்துல குந்திக்கிறேன், நீ படி.”

தெருவே அடங்கிவிட்டது. கன்னியம்மாள் படிக்கிற சத்தமும் நின்றது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. சோறு வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கேற்றும் நேரத்தில் கன்னியம்மாள் புத்தகத்தோடு வந்து வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. “நான் ஏன் கத்திக் கத்திப் படிக்கறேன் தெரியுமா? வாய மூடினா அழுவ வருதுடி” என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “மாமா, நானும் இங்க குந்திக்கட்டா?” என்று மெல்லக் கேட்டாள்.

அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான் உதட்டை அசைத்துச் சொன்னேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

பயம் இன்னும் போகவில்லை அக்கா. நேற்று இரவு கொஞ்சம் தூங்கினேன், அவ்வளவுதான். இந்தத் தடவை பதிலுக்குத் தபால்தலை வைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
தனக்கொடி